பெட்டிக்குள் போன வழி

கோயில் கட்டுரை எழுதுகிறவர்களிடையே இப்போது ஒரு கொள்கை செல்வாக்காக இருக்கிறது. அனுபவம் வேறு, தகவல் வேறு. அனுபவத்தைக் கட்டுரையில் எழுத வேண்டும், பஸ்ஸையும் நடை திறக்கும் நேரத்தையும் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட வேண்டும் என்பது அது. சந்நிதியில் உருகி நிற்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவே ஆட்டோக் கட்டணம் வந்தால் உருக்கம் கலைந்துவிடும் என்று காரணமும் சொல்கிறார்கள். வழியெல்லாம் கைபேசியே சொல்லிவிடுகிறது, எழுதுகிறவன் உணர்வை மட்டும் எழுதினால் போதும் என்று இன்னும் ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு.

இந்தக் கொள்கை தவறு. தமிழில் தல யாத்திரை எழுத்து உயிரோடு இருந்த காலங்களில் வழியும் வழிபாடும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. இரண்டையும் பிரித்த பிறகு பக்தி எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு மொழியாகிப் பொய்த்தது. தகவல் யாரும் நம்பாத ஒரு பட்டியலாகிச் செத்தது. இதை நிறுவப் பெரிய தலங்களுக்குப் போகத் தேவையில்லை. வெள்ளாற்றங்கரையில் திட்டக்குடிக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே உள்ள சுமார் 30 கிலோமீட்டர் போதும். மூவரும் நடந்த மண் அது. தமிழின் மிகச் சிறந்த யாத்திரை உரைநடை இன்றும் அங்கே தினந்தோறும் எழுதப்படுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். ஆற்றுப்படை என்பதே வழி சொல்லும் இலக்கியம். மலைபடுகடாம், நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தரிடம் அவன் வள்ளன்மையைச் சொல்வதற்கு முன் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும் என்று எச்சரிக்கிறது. நக்கீரர் அந்த வடிவத்தை முருகனுக்குத் திருப்பினார். அதில் பாதை குறைந்து தலம் பெருகியது. பின்னால் நடக்கப்போகிற பிரிவினையின் முதல் சாயலை அங்கேயே பார்க்கிறவன் நான். ஆனால் தேவாரம் வந்தபோது பாடியவர்களே நடந்தவர்களாகவும் இருந்ததால் அந்தப் பிரிவு தள்ளிப்போயிற்று. இன்று திருவட்டத்துறை எனப்படும் நெல்வாயில் அரத்துறையைப் பாடும்போது சம்பந்தர் நிவா நதியைச் சொல்கிறார். அது இன்றைய வெள்ளாறு. ஆற்றைக் கண்டவர் ஆற்றைச் சொன்னார்.

நான் நின்று பேச விரும்புகிற இடம் சேக்கிழார். பெரியபுராணத்தைத் தத்துவமாகவும் வரலாறாகவும் சமூக ஆவணமாகவும் படித்திருக்கிறோம். பயண எழுத்தாகப் படித்தவர்கள் குறைவு. சம்பந்தருக்கு முத்துச் சிவிகை கிடைத்த பகுதியை அப்படிப் படித்துப் பாருங்கள். பெண்ணாடகத்துத் தூங்கானைமாடத்தை வணங்கிவிட்டுச் சம்பந்தர் அரத்துறைக்குப் புறப்படுகிறார். அதுவரை தந்தையார் சிவபாத இருதயர் அவரைத் தோளில் தூக்கிப் போவது வழக்கம். அன்று பிள்ளை தோளில் ஏற மறுத்து நடக்கிறது. சின்னஞ்சிறு பாதங்கள் நோகின்றன. பொழுது சாய்கிறது. அரத்துறை இன்னும் கொஞ்ச தூரம்தான், ஆனாலும் நடக்க முடியவில்லை. மாறன்பாடியில் இரவு தங்குகிறார்கள். அந்த இரவில்தான் அரத்துறை ஊரார் கனவில் இறைவன் தோன்றி, கோயிலில் சிவிகையும் குடையும் சின்னமும் இருக்கின்றன, எடுத்துப்போய்ப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்கிறான்.

அற்புதம் வருவதற்கு முன்னால் சேக்கிழார் நமக்குத் தந்திருப்பவற்றை எண்ணிப் பாருங்கள்: புறப்பட்ட ஊர், போக வேண்டிய ஊர், போன விதம், நடந்தவரின் வயது, கால் வலி, பொழுது, தங்கிய இடம். ஒரு யாத்திரிகன் அடுத்த யாத்திரிகனுக்குச் சொல்ல வேண்டியது அத்தனையும் இருக்கிறது. அந்தக் கால் வலி இல்லாவிட்டால் சிவிகைக்கு வேலையே இல்லை. கருணை எங்கே வந்து இறங்குகிறது என்பதைக் காட்டுவதே அந்தப் பயணத் தகவல்தான். மாறன்பாடி என்பது இப்போது திட்டக்குடி வட்டத்து இறையூர். அங்கே சிவனுக்குத் தாகம்தீர்த்தபுரீஸ்வரர் என்றும் அம்மனுக்கு அன்னபூரணி என்றும் பெயர். நடந்து வந்தவனுக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்ததைத்தான் அந்த ஊர் தன் தெய்வத்தின் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது.

சுந்தரர் கதை இன்னும் நேரானது. அவர் கூடலையாற்றூரைச் சாராமல் முதுகுன்றத்துக்கு, அதாவது இன்றைய விருத்தாசலத்துக்குப் போகப் பார்க்கிறார். எதிரே ஒரு வேதியர் நிற்கிறார். முதுகுன்றத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று சுந்தரர் கேட்கிறார். இந்த வழி கூடலையாற்றூருக்குப் போகிறது என்று சொல்லி, வேதியர் கூடவே நடந்து வந்து மறைந்துபோகிறார். அடிகள் இந்த வழியே வந்தது தெரியாமல் போயிற்றே என்ற வியப்பு அந்தப் பதிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கோபுரத்தையும் கருவறையையும் விட்டுவிட்டு, சாலையில் வழி கேட்ட அந்தச் சந்திப்பையே சேக்கிழார் இறைக் காட்சியாக்கினார். வழி சொல்வது பக்திக்கு இடைஞ்சல் என்கிறவர்களுக்கு இந்தப் பகுதி தருவதைவிட உறுதியான விடையை நான் கண்டதில்லை.

பிறகு வந்த தலபுராண காலத்தைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அதிகம் இல்லை. யாப்பு வன்மையும் கல்வியும் குறைவில்லாதவர்கள் எழுதினார்கள். ஆனால் அவர்கள் பாடிய ஊர்களுக்குப் போகும் சாலை எதுவும் அந்த நூல்களில் இல்லை. ஒரே நாட்டுச் சிறப்பு, ஒரே நகரச் சிறப்பு, எல்லா ஆற்றிலும் ஒரே வெள்ளம். எந்தத் தலத்தின் பெயரை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் பாட்டு நிற்கும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. இன்றைய பக்திப் பத்திரிகைகளின் மொழிக்கு மூதாதை அதுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் தனியாக நிற்கிறார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருப்பதி, ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசிக்குப் போய் அடுத்த ஆண்டு திரும்பினார். தெலுங்கில் எழுதிய அவருடைய காசி யாத்திரை நூல் 1838இல் அச்சானது. ஒவ்வொரு தங்கலிலும் கடை இருக்கிறதா, தண்ணீர் எப்படி, சாலை மணலா கல்லா என்று எழுதிக்கொண்டே போகிறார். தனக்குப் பின்னால் வரப்போகிறவன் பட்டினி கிடக்கக் கூடாது என்கிற அக்கறை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. தன் கண்ணீரைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. ஆனால் அந்த நூலைப் படித்தவர் யாரும் அவர் பக்தியைச் சந்தேகிக்க மாட்டார்கள். ரயில் வந்த பிறகு சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடு 1889இல் தமிழில் கொண்டுவந்த திவ்யதேச யாத்திரை நூலும் இந்த வரிசையில் வருவது. இவ்விருவரையும் சமூக வரலாற்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். கோயில் கட்டுரை எழுதுகிறவர்கள் படிப்பதில்லை. இழப்பு இவர்களுக்குத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு நல்ல காலம் இருந்தது. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் கல்கியில் எழுதிய 'வேங்கடம் முதல் குமரி வரை', பரணீதரன் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆலய தரிசனம்' இரண்டும் அதன் உச்சங்கள். தொண்டைமான் வருவாய்த் துறையில் இருந்து கலெக்டராக ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக ஜீப்பில் போய்ப் பார்ப்பது அவர் உத்தியோகம். ரசிகமணியின் வட்டத்தொட்டியில் உட்கார்ந்து கவிதை கேட்டது அவர் பயிற்சி. இரண்டும் சேர்ந்ததால், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் மண்டபத்துத் தூணில் எந்தச் சிற்பத்தின் முன் நிற்க வேண்டும் என்றும் அவரால் சொல்ல முடிந்தது. அவர் தரும் ரயிலும் மைல் கணக்கும் இன்று பயன்படாது. ஆனாலும் அந்தப் பகுதிகளைத் தாண்டிப் படிக்க மனம் வருவதில்லை. வாக்கியத்துக்குள் இருக்கிற தகவல் காலாவதியானால் வரலாறாகிறது. பெட்டிக்குள் இருக்கிற தகவல் காலாவதியானால் வெறும் பிழையாகிறது. தகவல் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கட்டுரையில் சேர்க்காதே என்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பெட்டி எப்போது வந்தது? 1990களுக்குப் பிறகு பக்திக்கென்றே தனி இதழ்களும் நாளிதழ் இணைப்புகளும் பெருகியபோது அது நிலைபெற்றது. பக்க அமைப்பின் வசதிக்காக வந்தது என்பதே என் கணிப்பு. வாரத்துக்குப் பல கோயில்களைப் போட வேண்டும், பலர் எழுதுவார்கள், எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்கு ஓர் அச்சு தேவைப்பட்டது: மேலே தலபுராணச் சுருக்கம், நடுவே உருக்கம், அப்புறம் பரிகாரம், கீழே பெட்டி. வசதிக்காக வந்தது நாளடைவில் அழகியல் என்று பேர் பெற்றுவிட்டது. இந்த அச்சு செய்த பெரிய கேடு, அருளைப் பலனாக மாற்றியது. சிவிகை பெற்ற தலமா, வழிபட்டால் வாகன யோகம். பன்னிரண்டாயிரம் பொன் பெற்ற தலமா, வழிபட்டால் கடன் தீரும். நடந்து நடந்து கால் நொந்த பிள்ளை அந்த வாக்கியத்தில் எங்கே போயிற்று?

இப்போது முன்னால் சொன்ன உரைநடைக்கு வருகிறேன். விருத்தாசலத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன் கோயில். அங்கே பிராது கட்டுவது வழக்கம். பொருள் களவு போனவர், கொடுத்த கடன் திரும்பாதவர், மகன் வீட்டை விட்டுப் போனவர், தீராத நோயில் கிடப்பவர் எல்லோரும் தாளில் மனு எழுதுகிறார்கள். பெயர், ஊர், வட்டம், மாவட்டம், நடந்தது என்ன, என்ன வேண்டும் என்று கொளஞ்சியப்பருக்கு முறையிட்டு எழுதி, முருகன் சந்நிதியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் உள்ள வேலில் கட்டுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் குறை தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு வந்து ராஜினாமா எழுதிக்கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். மனுதாரர் ஊரிலிருந்து கோயில் வரைக்குமான தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் வழக்கமும் உண்டு. எங்கிருந்து வருகிறாய் என்பது அங்கே வேண்டுதலின் ஒரு பகுதி.

பிராது எழுதுகிறவர் அடைமொழி தேடுவதில்லை. அவருக்கு நேரம் இல்லை. அவர் சொல்ல வேண்டியது கையில் இருக்கிறது. இன்ன தேதி, இன்ன இடம், இன்னது போயிற்று என்று எழுதுகிறார். அந்த விவரத்தின் துல்லியமே அவர் நம்பிக்கையின் அளவு. கேட்பவன் கேட்கிறான் என்று நம்புகிறவன்தான் முகவரியைச் சரியாக எழுதுவான். கோயில் கட்டுரை எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய நடை இது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கட்டியிருக்கும் பிராதுகளைப் பிரித்துப் படிப்பதும், படம் எடுத்துப் போடுவதும், அதில் உள்ள துயரத்தைக் கட்டுரைக்குச் சுவையாக்குவதும் கூடாது. அவை வேறொருவருக்கு எழுதியவை. கட்டுகிறவர் தானாக வாய்விட்டுச் சொன்னால் மட்டும், அதுவும் அவர் யாரென்று தெரியாத அளவில், எழுதலாம்.

பேச்சோடு நிற்காமல் ஒரு கட்டுரையைத் திருத்திக் காட்டுகிறேன். இந்த வகைக் கட்டுரைகளில் நடமாடும் மொழியைத் திரட்டி நானே ஒரு மாதிரிப் பத்தி அமைத்துக்கொள்கிறேன்.

'வெள்ளாற்றங்கரையில் எழில் கொஞ்சும் சூழலில் அமைந்துள்ள திருவட்டத்துறைத் திருத்தலத்தில் காலடி வைத்ததுமே உடலெங்கும் ஒரு தெய்வீக அதிர்வு பரவியது. ஞானசம்பந்தப் பெருமானுக்கு முத்துச் சிவிகை அருளிய ஈசனின் திருமுன் நின்றபோது கண்களில் நீர் தாரை தாரையாக வழிந்தது. இங்கு வழிபட்டால் வாகன யோகம் கைகூடும்.' கீழே பெட்டி: 'எப்படிச் செல்வது? விருத்தாசலத்திலிருந்து பஸ் வசதி உண்டு. நேரம்: காலை 6 முதல் 12, மாலை 4 முதல் 8.'

முதலில் ஊர்ப் பெயரையும் ஆற்றின் பெயரையும் விரலால் மறைத்துப் படிக்க வேண்டும். முதல் வாக்கியம் காவிரிக்கரையில் எந்த ஊருக்கும் பொருந்துகிறது. அதிர்வும் தாரையும் எந்தச் சந்நிதிக்கும் பொருந்துகின்றன. எழுதியவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் உண்மையாகவே அழுதிருக்கலாம். ஆனால் தன் அழுகைக்கு வேறு யாரோ தைத்த சட்டையைப் போட்டிருக்கிறார். அடுத்து பெட்டியை மறைத்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு ஒருவர் அந்தக் கோயிலுக்குப் போய்ச் சேர முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாது. பெட்டியைத் திறந்த பிறகும் முடியாது. பிரதான சாலையிலிருந்து கோயில் உள்ளே தள்ளி இருக்கிறது என்பதும், கிராமத்துக் கோயில்களில் ஒரே குருக்கள் பல கோயில்களைப் பார்ப்பதால் அச்சிட்ட நேரத்தில் கதவு பூட்டியிருக்கக் கூடும் என்பதும் அதில் இல்லை. போய் ஏமாந்து திரும்பிய வாசகர் அடுத்த முறை அந்த இதழின் பக்தியையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார்.

அடைமொழிகளை அடித்துவிட்டு அனுப்புவது திருத்தம் ஆகாது. மிச்சம் ஒன்றும் இராது. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எந்த மாதம் போனீர்கள்? எங்கே இறங்கினீர்கள்? கூட யார்? எத்தனை மணிக்கு? கதவு திறந்திருந்ததா? திறந்தவர் யார்? எந்த இடத்தில் அழுகை வந்தது? கடைசிக் கேள்விக்கு 'சந்நிதியில்தான்' என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடக் கூடாது, சந்நிதியில் எதைப் பார்த்தபோது என்று மறுபடி கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்த விடையில்தான் கட்டுரை இருக்கும். விடைகள் கிடைத்த பிறகு பத்தி இப்படி ஆகலாம்:

'பெண்ணாடத்தில் காலைத் தரிசனம் முடித்துத் திட்டக்குடி பஸ் ஏறினோம். கண்டக்டரிடம் அரத்துறைக் கோயில் என்று சொல்லி வைத்தால் பிரிவில் இறக்கிவிடுகிறார். அங்கிருந்து ஆற்றுப்பக்கம் நடக்க வேண்டும். பங்குனி வெயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வந்தது எங்கள் தப்பு. பாதி வழியில் அக்காள் மகன் நின்றுகொண்டு தூக்கச் சொன்னான். எட்டு வயது. சம்பந்தப் பிள்ளை பெண்ணாடத்திலிருந்து வந்ததும் இந்தத் திசையில்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தரை மணிக்குக் கோயில் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா பையனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, குருக்கள் அடுத்த ஊர்ப் பூசையை முடித்து வந்துவிடுவார், உட்காருங்கள் என்றார். வந்தார். கற்பூர ஆரத்தியின்போது பையன் என் இடுப்பில் தலை சாய்த்து நின்றபடியே தூங்கிப்போயிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டுதான் கும்பிட்டேன்.'

வாகன யோகம் போய்விட்டது. தாரை தாரையாக வழிந்த நீரும் போய்விட்டது. பஸ்ஸில் எங்கே இறங்குவது, எந்த மாதம் நடக்கக் கஷ்டம், என்ன எடுத்துப்போக வேண்டும், கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. எதுவும் உபதேசமாக வரவில்லை. நடந்தவருக்கு நடந்ததாக வந்தது. நேரத்தைக் கூட 'காலை 6 முதல் 12' என்று சட்டம்போல் சொல்லாமல், இந்த மாதம் இந்த மணிக்கு இப்படி இருந்தது என்று சொன்னதால் அது பொய்யாகாது. பங்குனி என்று சொல்லிவிட்டதால் ஐப்பசியில் போகிறவர் மழையைத் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இதே பயணத்தின் மற்ற இடங்களிலும் இதுதான் முறை. திட்டக்குடியில் வைத்தியநாதசுவாமி, வசிட்டர் வழிபட்ட குடியே திட்டக்குடி என்பது தலபுராணம். தலபுராணம் சொல்வதைத் தலபுராணம் சொல்வதாகவே எழுத வேண்டும். கல்வெட்டு சொல்வது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. மூன்றையும் ஒரே தொனியில் கலந்துவிட்டால், பார்த்ததையும் வாசகர் புராணக் கணக்கில் எழுதிவிடுவார். பெண்ணாடத்தில் விமானம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கிறது. தூங்கானைமாடம் என்ற பேருக்கே அது காரணம். அப்பர் இந்த உடம்பு இனி உன்னுடையது என்று சூலக்குறியும் இடபக்குறியும் தோளில் பொறிக்கக் கேட்டுப் பெற்றது இங்கேதான். கருவறைச் சுவரில் பலகணிகள் உண்டு. பிராகாரம் சுற்றும்போது பக்கவாட்டிலிருந்தும் லிங்கத்தைப் பார்க்கலாம். கூட்ட நாளில் முன்னால் முண்டியடிக்க முடியாத வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. விமான வடிவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வரி எழுதினால் ஒரு பாட்டிக்குத் தரிசனம் கிடைக்கும்.

பல கோயில் யாத்திரையில் எழுத்தாளர்கள் ஒட்டுமொத்தமாக மறைத்துவிடுகிற பகுதி ஒன்று உண்டு: உச்சிக்காலத்துக்குப் பிறகு நடை சாத்தி மாலை நாலு மணிக்குத் திறக்கும் வரை உள்ள நேரம். கட்டுரையில் ஒரு சந்நிதியிலிருந்து அடுத்த சந்நிதிக்கு மிதந்து போவார்கள். உண்மையில் குடும்பங்கள் சண்டை போட்டுக்கொள்வது அந்த நாலு மணி நேரத்தில்தான். இந்த வழியில் அதற்கு விடை இருக்கிறது. அரத்துறையையும் பெண்ணாடத்தையும் காலையில் முடித்துக்கொண்டு, பஸ்ஸிலோ பெண்ணாடம் ஸ்டேஷனில் நிற்கிற ரயில் கிடைத்தால் அதிலோ விருத்தாசலம் வந்துவிட வேண்டும். சென்னை திருச்சி கார்டு லைனில் அது ஜங்ஷன். சேலத்துக்கும் கடலூருக்கும் அங்கிருந்து பிரிகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பீங்கான் பட்டறைகளைப் பார்க்கலாம். மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றி, காய்ந்த பொம்மையை எடுத்துப் பிசிறு தேய்த்து, சூளைக்கு அடுக்குகிற வேலை நடக்கும். கோயில் கட்டுரைகளில் இந்த ஊரின் பீங்கான் வருவதே இல்லை. பக்திக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நவராத்திரிக்கு நம் வீட்டுக் கொலுவில் ஏறி உட்காரும் பொம்மைகளில் சில அந்தச் சூளையிலிருந்து வருபவைதான். பார்ப்பதை மதியமும் வாங்குவதை ஊர் திரும்பும்போதும் வைத்துக்கொண்டால் பொம்மை உடையாது.

நாலு மணிக்குப் பெரிய கோயில். படியிறங்கிப் போய்த் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிற ஆழத்துப் பிள்ளையாரை முதலில் பார்ப்பது வழக்கம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே எல்லாம் ஐந்தைந்து என்று வழிகாட்டிகள் எண்ணிக் காட்டுவார்கள். எண்ணுவதில் பொழுது போய்விடும். செம்பியன் மாதேவி கல்லால் எடுப்பித்த கருவறையைச் சுற்றி மெதுவாக நடப்பதற்கு நேரம் வைத்துக்கொள்வது நல்லது. மாசி மகத்தன்று போகிறவர் இந்தக் கணக்கு எதையும் நம்ப வேண்டாம். அன்று மணிமுத்தாற்றுக்குள் இறங்கவே வரிசை. முந்தின இரவே வந்து தங்குகிறவர்கள்தான் விடியலில் முழுக முடியும். சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்ட ஆறு என்பதால் ஆற்றைப் பார்க்க ஆசையோடு வருகிறவர்கள் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் இல்லாத ஆண்டில் மணலில் நின்றேன் என்று எழுதினால் குறைந்துபோகாது. புரண்டோடும் புனல் என்று எழுதினால்தான் குறைவு.

கொளஞ்சியப்பருக்கு மறுநாள் காலை ஒதுக்குவதே சரி. பிராது எழுத அவசரம் உதவாது. எழுதப் போகிறவர் பேரும் ஊரும் போதும் என்று நினைத்து வராமல், தேதியும் விவரமும் வீட்டிலேயே குறித்துக்கொண்டு வரலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க அங்கே ஆள் கிடைப்பார். ராஜினாமாவுக்கு மறுபடி வர வேண்டியிருக்கும் என்பதை, தொலைவிலிருந்து வருகிறவருக்குக் கட்டுரை முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்பதற்கு ஒரு டிக்கெட், தீர்ந்ததைச் சொல்ல இன்னொரு டிக்கெட்.